விரல் மறைத்த ஒரு எழுத்து

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த பழைய கிரயப் பத்திரத்தின் போட்டோவைப் பார்த்து டைப் செய்கிறேன். ஓரத்தில் சில வார்த்தைகள் வெட்டுப்பட்டிருக்கின்றன. ஓரிடத்தில் விரல் மறைக்கிறது. எப்படி நிரப்புவது?

நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு [விரல் மறைத்துள்ளது], [வலது ஓரம் வெட்டு] என்று காரணத்தையும் எழுதிவிடுங்கள். வெறும் புள்ளி வைத்தால், மூலப் பத்திரமே அப்படித்தான் இருந்தது என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

பதினோரு வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பெரியவர் இதே மாதிரி போட்டோ கொண்டுவந்தார். புல எண் 142/3 என்று தெரிந்தது. அதை ஒட்டியே பத்திரத்தைப் பிடித்திருந்தவரின் கட்டைவிரல் இருந்தது. எண் முழுதாகத்தானே இருக்கிறது என்று அப்படியே அடித்துக் கொடுத்தேன். அதை வைத்து வில்லங்கச் சான்று போட்டார்கள். அவர் வாங்கிய கிரயமே அதில் வரவில்லை. மூலப் பத்திரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால் 142/3பி. அந்த "பி" விரலுக்கு அடியில் இருந்திருக்கிறது.

அன்றைக்குப் புரிந்தது, பாதியில் நிற்கும் வார்த்தையைவிட முழுதாகத் தெரியும் வார்த்தைதான் ஆபத்து என்று. படத்தின் விளிம்பையோ விரலையோ தொட்டு முடிகிற எதையும் இப்போது நான் முழுசு என்று எடுத்துக்கொள்வதில்லை. வார்த்தையாக இருந்தால் அடுத்த வரியின் தொடக்கத்தோடு சேர்த்துப் படித்துப் பார்க்கலாம். பழைய பத்திரங்களில் வார்த்தையை எங்கே வேண்டுமானாலும் உடைத்து எழுதியிருப்பார்கள். ஒட்டாவிட்டால் இடையில் ஏதோ போயிருக்கிறது. எண்ணுக்கு அந்த வழியும் இல்லை. அதனால் "142/3[அடுத்து விரல்]" என்றுதான் அடிப்பேன்.

நிலத்தின் நான்கு எல்லையைச் சொல்லும் சக்குபந்தியில்தான் கை துறுதுறுக்கும். மூன்று திசை தெரிகிறது, நான்காவது "வாய்க்காலுக்கு" என்பதோடு வெட்டுப்பட்டிருக்கிறது. மிச்சம் மேற்குதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் எழுதியவரே ஒரு திசையை இரண்டு முறை எழுதிய பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். நாம் மேற்கு என்று போட்டால் அந்தப் பிழையையே மறைத்தவர்களாவோம். அதே பத்திரத்தில் வேறு பக்கத்தில் முழுதாக இருந்தால்கூட அங்கிருந்து எடுத்து உள்ளே வைக்காதீர்கள். "பக்கம் 4இல் இவ்வாறு உள்ளது" என்று அடியில் தனியாகக் குறிப்பு போடுங்கள்.

"காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாகக் கொடுப்பதா" என்று சிலர் இங்கேயும் வந்து கேட்பார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, ராத்திரி பத்து மணிக்கு மங்கலான போட்டோ அனுப்பி, காலையில் வேண்டும் என்பவர்களும் அவர்கள்தான். இல்லாத எழுத்தை நான் எங்கிருந்து கொண்டுவர?

சரி, முதலில் வேறு படம் கேளுங்கள். பத்திரத்தை மேசையில் விரித்து, நான்கு ஓரத்துக்கு வெளியேயும் மேசை கொஞ்சம் தெரிகிற மாதிரி எடுத்து, வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். மூலம் கையில் இல்லை என்றால் ஆவண எண்ணும் வருடமும் படத்தில் தெரிகிறதா பாருங்கள். அது இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் போட்டு வாங்கிவிடலாம்.