சைட் இன்சார்ஜாக ஐந்து மாதம்தான், எடுக்கலாமா?

கேள்வி: பணகுடி பக்கம் காற்றாலை பராமரிப்பு எடுத்துச் செய்கிறோம். சைட் இன்சார்ஜ் வேலைக்கு ஒருவர் வந்திருக்கிறார். டெக்னீஷியனாக ஆறு வருடம், இன்சார்ஜ் ஆகி 5 மாதம்தான். நாங்கள் கேட்டது 3 வருடம். ஒதுக்கிவிடலாமா?

பதில்:

அவசரப்பட வேண்டாம். முதலில் அது எந்த 5 மாதம் என்று பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை என்றால் ஒரு முழுக் காற்றுச் சீசனை அவர் தாங்கியிருக்கிறார். நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் அவர் பார்த்தது சர்வீஸ் காலம்: கிரீஸ், போல்ட் டார்க், ஆயில் சாம்பிள். ரெஸ்யூமில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சர்வீஸ் காலம் என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. நம் சைட்டுகளில் வேலை முன்னால் வரும், பதவி பின்னால் வரும். இன்சார்ஜ் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் சீனியர் டெக்னீஷியன்தான் பார்த்துக்கொள்வார். அதனால், "போன ஜூலையில் இன்சார்ஜ் இல்லாத நாளில் வேலை பெர்மிட்டில் யார் கையெழுத்துப் போட்டது?" என்று கேளுங்கள். வேலை பார்த்தவருக்குப் பதில் உடனே வரும்.

இதே நிலையில் ஒருவரை நான் நேர்காணல் செய்தேன். மூன்று மெஷின் நின்ற ஒரு நாளைச் சொல்லச் சொன்னேன். அன்றைக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு குழு. ஒன்றில் சென்சார் ஃபால்ட். கன்ட்ரோல் ரூமிலிருந்தே ரீசெட் செய்து பார்த்திருக்கிறார், ஓடிவிட்டது. இன்னொன்றில் யா மோட்டார். ஸ்டோரில் ஸ்பேர் இருந்ததால் குழுவை அங்கே அனுப்பினார். மூன்றாவதில் பிட்ச் பழுது. ஹப்புக்குள் ஆள் இறங்க வேண்டும், காற்றோ அனுமதித்த அளவுக்கு மேல். மறுநாள் காலைக்குத் தள்ளிவிட்டார்.

"ஓனர் சும்மா விட்டாரா?" என்றேன். ஓனர் ராஜபாளையத்து மில்காரர், மணிக்கொரு தடவை போன். "'அண்ணாச்சி, ஏசுனா வாங்கிக்கிடுதேன், ஆள மட்டும் ஏத்த மாட்டேன்'னு சொல்லிட்டேன் சார்." அந்த ஆளை எடுத்தோம். இதற்கே "மேலிடத்தில் கேட்டேன், அவர்கள் சொன்னபடி செய்தேன்" என்று மட்டும் பதில் வந்திருந்தால் யோசித்திருப்பேன்.

ஐந்தே மாதத்தில் ஏன் கிளம்புகிறார் என்பதையும் பாருங்கள். பதவி உயர்வுக் கடிதத்தையும், அதற்கு முந்தைய, பிந்தைய மாதச் சம்பளச் சீட்டையும் கேளுங்கள். பெயர் மாறியும் சம்பளம் மாறவில்லை என்றால் காரணம் அதிலேயே இருக்கிறது, அதை அவர் மேல் குறையாக எழுதாதீர்கள். விசாரிக்க இப்போதைய கம்பெனிக்குப் போன் போட்டு அவர் பிழைப்பைக் கெடுத்துவிடவும் வேண்டாம். முன்பு அவருக்கு இன்சார்ஜாக இருந்து வேலை மாறிப் போனவர் யாரையாவது கேட்டால் போதும்.

சீசனில் ஒரு நாள்கூடப் பொறுப்பில் இருந்ததில்லை என்றால், ஜூன் மாதத்தில் தனியாக விடாதீர்கள். ஏப்ரலிலேயே சேர்த்து, முதல் சீசன் முடியும்வரை பெர்மிட்டில் இரண்டாவது கையெழுத்துக்கு ஒரு பழைய ஆளை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தை மட்டும் டெக்னீஷியன் கணக்கில் பேசாதீர்கள். அடுத்த ஐந்தாவது மாதத்தில் உங்களிடமிருந்தும் கிளம்பிவிடுவார்.