மாதவிடாய் ஒரு கிழமை முன்பின்னாக வந்தால்

“வயது 29, திருகோணமலை. ஒருமுறை 27 நாளில் வருகிறது, இன்னொரு முறை 34 நாளில். இது கோளாறா?”

சகோதரி, நீங்கள் சொன்ன அளவு இயல்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் எண்ணும் முறை சரியா என்று முதலில் பாருங்கள். இரத்தப்போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் பலர். அது தவறான கணக்கு. நன்றாகப் போக்குத் தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ண வேண்டும். முன்னதாகப் படும் சிறு கறை சேராது.

ஜனவரி 3, ஜனவரி 30, மார்ச் 5 என்று வந்திருந்தால் சுழற்சிகள் 27, 34 நாட்கள். இரண்டுமே 24 முதல் 38 நாட்களுக்குள் வருகின்றன. வித்தியாசம் 7. உங்கள் வயதில் மிகக் குறுகியதற்கும் மிக நீண்டதற்கும் இடையே 7 நாள் வரை இயல்பு. 18 முதல் 25 வயது வரை 9 நாள்கூட இருக்கலாம். நீங்கள் எல்லையில் நிற்பதால் ஆறு மாதமாவது நாட்காட்டியில் குறித்து வாருங்கள்.

இந்த ஆட்டம் பெரும்பாலும் கருமுட்டை வெளிவருவதற்கு முன்னான நாட்களில்தான். காய்ச்சலோ, இரவு வேலையோ, மனச்சுமையோ அதைத் தள்ளிப்போடலாம். முட்டை வெளிவந்த பின் ஏறத்தாழ இரண்டு கிழமையில் போக்கு வந்துவிடும்.

வித்தியாசம் தொடர்ந்து பத்து நாளைத் தாண்டினாலோ, இடையில் இரத்தம் கண்டாலோ, போக்கு எட்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ அந்தக் குறிப்புடன் மருத்துவரிடம் போங்கள். தைராய்டையும் சினைப்பையையும் பார்ப்பார்கள். நாள் தள்ளிப்போய், கருத்தரிக்க வாய்ப்பும் இருந்தால், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.