மதுரைக்கு டிக்கெட், ஆனால் போர்டில் மதுரை இல்லை

"எழும்பூரில் இருந்து மதுரைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட். அந்த நேரத்தில் பொதிகை, பாண்டியன் எல்லாம் கிளம்புமாம். எதில் ஏறுவது என்று எப்படித் தெரியும்?"

முதலில் மதுரை என்ற பெயரைத் தேடாதீர்கள். பெரிய போர்டில் வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான் இருக்கும், அதாவது நெல்லைக்குத் திருநெல்வேலி, பொதிகைக்குச் செங்கோட்டை, பாண்டியனுக்குத்தான் மதுரை. மூன்றுமே மதுரை வழியாகப் போனாலும் உங்கள் ரிசர்வேஷன் ஒன்றில் மட்டும்தான், மற்றதில் ஏறினால் டிடிஇ அதை டிக்கெட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்.

டிக்கெட்டில் இருக்கும் 12631 என்ற ஐந்து இலக்க எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். போர்டில் மொழி மாறி மாறி ஓடும், எண் மாறாது. அதற்கு நேராக இருக்கும் பிளாட்பார எண்ணைப் பார்த்துப் போங்கள், அங்கே தொங்கும் சின்ன டிஸ்ப்ளேயிலும் அதே எண் வருகிறதா என்று பாருங்கள். அதில் S5, B2 என்று பெட்டி மட்டும் தெரிந்தால் ஏறிவிடாதீர்கள், S5 மற்ற வண்டிகளிலும் இருக்கும்!

பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் 12631/12632 என்று போக, வர இரண்டு எண்ணும் சேர்ந்தே இருக்கலாம், குழம்ப வேண்டாம். அப்புறம், பிளாட்பாரம் கடைசி நேரத்தில் மாறுவதுண்டு, அதனால் உட்காரும் வரை அறிவிப்பில் ஒரு காது இருக்கட்டும். சந்தேகம் என்றால் ஏறும் முன் வாசலில் நிற்பவரிடம் "திருநெல்வேலி வண்டிதானே?" என்று கேளுங்கள். "மதுரை போகுமா?" என்று கேட்டால் மூன்று வண்டியிலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.