பால் திரிந்தது யார் குற்றம்?

அன்புள்ள ஐயா,

போன தைப்பூசக் காவடிக்கு என் பதினொரு வயது மகள் முதல் தடவையாகப் பால் செம்பு எடுத்தாள். கொடியேறியதிலிருந்து பத்து நாளும் விரதம் இருந்தாள். கோவிலில் ஊற்றும்போது பால் திரிந்திருந்தது. “மறைச்சு ஏதாவது சாப்பிட்டிருப்பே” என்று அவள் அத்தை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இனி காவடிக்கே வரமாட்டேன் என்கிறாள். வற்புறுத்த மனமில்லை, விட்டுவிடவும் மனமில்லை.

ஒரு தாய், கத்ர் போர்ன், மொரீஷியஸ்

அன்புள்ள அம்மா,

செம்பை எதைப் போட்டுத் தேய்த்தீர்கள்? இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. என் மகனுக்கும் இதே நடந்தது. அன்று இரவு காலிச் செம்பை முகர்ந்து பார்த்தேன். பித்தளை பளபளக்க நான்தான் புளி போட்டுத் தேய்த்திருந்தேன். குறுகிய கழுத்துக்குள் கை நுழையாமல், புளி அடியில் தங்கியிருந்தது.

மறுநாள் அவனையே கூட்டிவைத்து இரண்டு செம்பில் பால் ஊற்றினோம். ஒன்றில் புளியைத் தடவி அப்படியே விட்டோம், மற்றதை வெந்நீரில் நன்றாக அலசினோம். இரண்டையும் முற்றத்து வெயிலில் வைத்தோம். புளிச் செம்பில் பால் திரிந்தது. அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்போ நான் இல்லையா?” என்றான். அவன் அதுவரை எதைச் சுமந்துகொண்டிருந்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

புளி இல்லாவிட்டாலும் நம் ஊர்த் தைப்பூசம் கோடை உச்சத்தில் வருகிறது. காலையில் நிரப்பிய பால், ஊர்வலம் முடிந்து மலைக்கோவில் படியேறும்வரை வெயிலில் கிடந்தால் புளித்துப்போகும். பாலைக் காய்ச்சி, முழுக்க ஆறவைத்து, குளிர்ச்சியாக எடுத்துப் போங்கள். ஊர்வலம் புறப்படும் இடத்தில் செம்பில் ஊற்றுங்கள். பித்தளையைவிட எவர்சில்வர் நல்லது. இவ்வளவு செய்தும் சில நாள் திரியலாம். அதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அத்தை. எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை எல்லார் முன்னாலும்தான் திரும்பப் பெற வேண்டும். நீங்கள் தனியாகச் சமாதானம் சொன்னால் குழந்தைக்கு அது பாதிதான் போய்ச் சேரும். அவரிடம் நீங்களே பேசுங்கள்.

இந்த வருடம் அவளைச் செம்பு எடுக்கச் சொல்லாதீர்கள். முதல்நாள் இரவு காவடிக்குப் பூ கட்டும்போது பக்கத்தில் இடம் விடுங்கள், வந்தால் வரட்டும். காவடி எடுப்பவர்களின் காலுக்குத் தார் ரோட்டில் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் இருக்கிறது. எதுவும் வேண்டாமென்றால் இலை போட்டு செத் காரி என்கிற ஏழு கறிச் சாப்பாடு பரிமாறும்போது உட்காரட்டும், போதும்.

பின்னால் அவளே கேட்டால், எத்தனை நாள் விரதம் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். மூன்று நாள் என்றால் மூன்று நாள். பத்து நாள் என்று நாம் வைத்து, எட்டாம் நாள் பள்ளியில் ஒரு சிக்கன் துண்டு வாய்க்குள் போய்விட்டால், அவள் அதை மறைக்கத்தான் பழகுவாள்.

என் மகன் இரண்டு வருடம் வரவில்லை. மூன்றாம் வருடம் கொடியேறிய அன்று, “அப்பா, செம்பை நான் கழுவுறேன்” என்றான். கழுவி, உள்ளே மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.