உயரம் காரணமா, அடையாளமா?

"வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் படிப்பில் பின்தங்குகிறார்களாமே, உயரம்தான் காரணமா?"

பெரும்பாலும் அடையாளம்தான். சத்துக்குறைவும் அடிக்கடி வரும் தொற்றும் உடலையும் மூளையையும் சேர்த்தே பாதிக்கின்றன. கண்ணுக்குத் தெரிவது உயரம் மட்டும்.

இதற்கு நான் நம்பும் சான்று ஜமைக்கா. 1986-87இல் கிங்ஸ்டனில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சத்துணவு. இன்னொரு குழுவின் வீடுகளுக்கு வாராவாரம் சுகாதாரப் பணியாளர் வந்து, குழந்தையோடு பேசி விளையாடத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார். மூன்றாவதுக்கு இரண்டும், நான்காவதுக்கு எதுவுமில்லை. இரண்டு வருடம் இப்படி நடந்தது.

விளையாட்டு கிடைத்ததால் யாரும் கூடுதலாக வளரவில்லை. ஆனாலும் 17 வயதில் அந்தப் பிள்ளைகள் வாசிப்பிலும் அறிவுத்திறன் தேர்விலும் முன்னால் இருந்தார்கள். உயரமே காரணமென்றால் இது நடந்திருக்காது. சத்துணவின் தொடக்கப் பலன் நீடிக்கவில்லை. ஆனால் அது தொடங்கியதே குழந்தைகளுக்கு 9 மாதம் ஆன பிறகுதான், கருப்பையில் நேர்ந்த குறையை அந்த ஆய்வு தொடவேயில்லை.