சார்ட்டரின் முதல் பக்கத்தில் எது இருக்க வேண்டும்

"அம்பத்தூர் கிடங்கில் பார்கோடு கொண்டு வருகிறோம். திட்டத்தைத் தொடங்க ஒப்புதல் வாங்கும் சார்ட்டரில் முன்னுரையே நாலு பக்கம் போய்விட்டது, மேலாளர் ஒரே பக்கம் கேட்கிறார். எதை வெட்டுவது?"

முதலில் பார்கோடு என்ற சொல்லையே நோக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அது வழிதான். "கணக்குக்கும் கையிருப்புக்கும் 6 சதவீதம் வித்தியாசம், அதனால் ஆர்டர்கள் தவறுகின்றன, இதைக் குறைக்கிறோம்" என்கிற மாதிரி உங்கள் எண்ணோடு இரண்டு வரி போதும். ஸ்பான்சர் இடத்தில் கமிட்டி வேண்டாம். பணம் ஒதுக்கவும், இரண்டு துறைகள் முட்டிக்கொண்டால் முடிவு சொல்லவும் முடிந்த ஒருவர் பெயர்.

எல்லைக்குத்தான் நேரம் கொடுங்கள். நான் இருந்த ஒரு திட்டத்தில் திரும்பி வரும் சரக்கைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை, நடுவில் "அதுவும் சேர்ந்ததுதானே" என்று வந்து இரண்டு மாதம் போய்விட்டது. அதனால் செய்யாதவற்றையும் எழுதுங்கள்: "ரிட்டர்ன் சரக்கு, பில்லிங் மென்பொருள், மற்றக் கிடங்குகள் இதில் இல்லை."

அப்புறம் வெற்றி அளவு. "துல்லியம் கூடும்" என்றால் யாரும் சரிபார்க்க முடியாது. "தொடங்கி 3 மாதத்தில் வித்தியாசம் 1 சதவீதத்துக்குள், அக்கவுண்ட்ஸ் ஆட்கள் நேரில் எண்ணியபடி" என்று எழுதுங்கள், ஆனால் இன்றைய வித்தியாசத்தை இப்போதே எண்ணி வையுங்கள், இல்லாவிட்டால் பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது. கால அட்டவணை, ரிஸ்க் பட்டியல் எல்லாம் இணைப்புக்குப் போகட்டும்.