மேட்டில் ஏறும்போது பேட்டரி ஏன் தொய்கிறது?

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மின்சார சைக்கிளின் 48 வோல்ட் லித்தியம் பேக் பற்றியவை. எனவே ஒரே பேக்கை வைத்தே கணக்குப் போடுகிறேன்: நான்கு நான்கு செல்களைப் பக்க இணைப்பில் சேர்த்து, அப்படி 13 தொகுப்புகளைத் தொடராகக் கோத்த பேக். செல் ஒன்றின் உள் மின்தடை 40 மில்லி ஓம்.

நிற்கும்போது 48 வோல்ட். மேட்டில் 43-க்குப் போய், சமதளம் வந்ததும் ஏறிவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா?

இல்லை. நான்கு செல் பக்க இணைப்பில் இருப்பதால் ஒரு தொகுப்புக்கு 10 மில்லி ஓம், பதின்மூன்றுக்கும் 130. நிக்கல் பட்டை, செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்டான பி.எம்.எஸ்., கனெக்டருக்கு 20 சேர்த்தால் 0.15 ஓம். மேட்டில் மோட்டார் 30 ஆம்பியர் இழுக்கும்போது உள்ளேயே 4.5 வோல்ட் விழுந்துவிடும், வெளியே 43.5தான் வரும். சார்ஜ் குறைந்ததால் வந்த இறக்கம் அல்ல இது. லோடை எடுத்ததும் பெரும்பகுதி உடனே மீளும். செல்லுக்குள் அயனிகள் சமமாகப் பரவ நேரம் பிடிப்பதால், மிச்சம் மெதுவாகத்தான் ஏறும்.

அந்த 4.5 வோல்ட் எங்கே போகிறது?

வெப்பமாகிறது. I²R கணக்கில் 30 × 30 × 0.15 = 135 வாட். மோட்டார் பக்கம் போவது 1,305 வாட். ஆம்பியரைப் பாதியாக்கினால் வெப்பம் 34 வாட்டுக்கும் கீழே, அதாவது கால் பங்காகிவிடும். அதே மேட்டை இரண்டு மடங்கு நேரம் எடுத்து ஏறினாலும் மொத்த இழப்பு பாதிதான். பேக் சூடாகிறது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கன்ட்ரோலரில் ஆம்பியர் வரம்பைக் குறைக்கச் சொல்லித்தான்.

40 சதவீதம் இருக்கும்போதே மேட்டில் அணைந்துவிடுகிறது. ஏன்?

பி.எம்.எஸ். மொத்த வோல்டேஜை மட்டுமல்ல, தொகுப்பு ஒவ்வொன்றையும் கவனிக்கிறது. ஒன்று வரம்புக்குக் கீழே போனாலும் துண்டித்துவிடும். ஒரு தொகுப்பில் ஒரு செல்லின் வெல்டு விட்டுப்போனதாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச மூன்றும் ஆளுக்கு 10 ஆம்பியர் தர வேண்டும். செல் ஒன்றில் 2.25 வாட்டாக இருந்த வெப்பம் 4 வாட்டாகிறது. தொகுப்பின் கொள்ளளவும் முக்கால் பங்காகிவிடுவதால் அது மற்றவற்றுக்கு முன்பே காலியாகிறது. காலியாகும் செல்லின் மின்தடையோ இன்னும் ஏறும். பி.எம்.எஸ். ஆப்பில் ஓய்வு நிலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லோடில் ஓடும்போது எந்தத் தொகுப்பு தனியாக விழுகிறது என்று பாருங்கள்.

உள் மின்தடையை வீட்டில் அளக்க முடியுமா?

முடியும். 5 ஆம்பியர் லோடில் சில வினாடி கழித்து வோல்டேஜைக் குறியுங்கள். உடனே 25 ஆம்பியரில் அதே அளவு நேரம் விட்டுக் குறியுங்கள். 47.3, 44.3 என்று வந்தால், 3 வோல்ட்டை 20 ஆம்பியரால் வகுக்க 0.15 ஓம். 1 கிலோஹெர்ட்ஸ் ஏ.சி. மீட்டர் இதைவிடக் குறைவாகக் காட்டும், அயனிகள் நகரும் தாமதம் அதில் பதிவாகாது. குளிரில் மின்தடை கூடும் என்பதால், பழைய அளவோடு ஒப்பிடும்போது வெப்பநிலையும் சார்ஜும் ஒன்றாக இருக்கட்டும்.